கரைவலைப் பாட்டின் ஒலிநாடாவைக் கேட்டு ஒரு கடிதம்

இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண் ஒருவர், ஒரு வானொலி நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். "எழுபதுகளில் எங்கள் ஊரில் பதிவு செய்து ஒலிபரப்பிய மீனவர் பாட்டு நிகழ்ச்சியின் பிரதி வேண்டும், அதை என் ஆய்வில் பயன்படுத்த அனுமதியும் வேண்டும்" என்பதுதான் சாரம். "தாங்கள் குறிப்பிட்ட நிகழ்ச்சி எங்கள் பதிவேட்டில் காணப்படவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சில மாதம் கழித்து அவர் எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு அதே நிலையம் நாடாவின் எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதியது. எந்த நிலையம் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. ஒலி ஆவணங்களோடு வெகுகாலம் புழங்கியவன் என்ற முறையில் இரண்டாவது கடிதத்தில் எனக்கும் பங்கு உண்டு. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் கடிதத்துக்கு அந்தப் பதில் வந்ததில் நிலையத்தைக் குறை சொல்ல முடியாது. வானொலி நிலையத்தின் நாடா அறையில் பொருள்வாரியாகத் தேடுவது அரிது. நாடாவுக்கு ஒரு எண் இருக்கும். அந்த எண், பதிவான தேதி, ஒலிபரப்பான தேதி, எத்தனை நிமிடம், எந்தப் பிரிவு தயாரித்தது என்பதெல்லாம் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கும். அன்றைக்குப் பணியில் இருந்தவர் எழுதியதுதான் தலைப்பு. 'மீனவர் பாட்டு' என்று நாம் கேட்பது அங்கே 'கிராமிய இசை, தொகுப்பு' என்று கிடக்கலாம். தவிர, அந்தக் காலத்தில் நாடா விலை உயர்ந்த பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் பெரும்பாலான நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவார்கள். பாதுகாக்க வேண்டும் என்று யாராவது குறித்து வைத்தவைதான் தங்கின. தேதி தெரியாமல் கேட்டால், தேடுபவர் சில ஆயிரம் வரிகளைப் புரட்ட வேண்டும். அதற்கு எந்த அலுவலகத்திலும் ஆள் கிடையாது.

அதனால் முதல் வேலை தேதியைக் கண்டுபிடிப்பது. அது நிலையத்தில் நடக்கிற வேலை இல்லை, ஊரில் நடக்கிற வேலை.

பதிவின்போது கயிறு பிடித்து இழுத்தவர்களில் ஒரு பெரியவர் மட்டும் இருக்கிறார். அவரிடம் வருடம் கேட்டுப் பயனில்லை. என்ன நடந்தபோது என்று கேட்க வேண்டும்.

"தாத்தா, ரேடியோக்காரங்க வந்தது புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி தாயி. ரொம்பப் பின்னாடி. ஆனா பஸ் பாலம் கெடையாது. ரயில்லதான் பெட்டியத் தூக்கிட்டு வந்து எறங்குனாங்க."

இராமேசுவரம் தீவில் புயல் என்றால் தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல்தான். பஸ் பாலம் திறந்தது 1988 அக்டோபரில். இருபத்து நான்கு வருட இடைவெளி. அதை இன்னும் சுருக்க வேண்டும். வானொலியில் பாட்டு வந்த அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டபோது, உள்ளே இருந்த அவர் மனைவி பதில் சொன்னார். மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாளாம், பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகவில்லையாம். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தப் பேரனின் பிறந்த தேதி இருந்தது: 1978 பிப்ரவரி. அப்படியானால் ஒலிபரப்பு பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. பெரியவர் "சிலோன் ரேடியோவுலதான் கேட்டோம்" என்று உறுதியாகச் சொன்னார். இந்தக் கரையில் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது, தள்ளிவிடவும் கூடாது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு இங்கே உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்டது. பல வீடுகளில் வானொலிப் பெட்டிக்கே சிலோன் ரேடியோ என்றுதான் பெயர். ஆனால் பதிவு செய்ய வந்தவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மண்டபம் ஊர்ப் பக்கமிருந்து ரயிலில் வந்தவர்கள், திரும்பியதும் அந்தப் பக்கமே. ஆக, அகில இந்திய வானொலி என்றே வைத்துத் தேடினோம். அடுத்து எந்த நிலையம்? மதுரை நிலையம் 1987-இல்தான் தொடங்கியது, ஆகவே 1978-க்கு அது இல்லை. திருச்சி 1939 முதலும் திருநெல்வேலி 1963 முதலும் இருக்கின்றன. மதுரை பக்கத்தில் இருக்கிறதே என்று இன்றைய வரைபடத்தைப் பார்த்து அங்கே எழுதிவிட்டு, இல்லை என்ற பதிலோடு தேடலை நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

தேதியை உறுதிப்படுத்தக் கைகொடுத்தது 'வானொலி' இதழ். தமிழ் நிலையங்களின் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அச்சிட்டு, மாதம் இருமுறை வந்த இதழ் அது. பழைய நூலகம் ஒன்றில் அந்த வருடத்துக் கட்டு இருந்தது. மார்ச் இரண்டாம் பாதி இதழில், அவர் முதலில் எழுதிய அதே நிலையத்தின் மாலை கிராமிய நிகழ்ச்சியின் கீழ், மீனவர் பாடல்கள் பற்றிய பதினைந்து நிமிடத் தொகுப்பு ஒன்று போட்டிருந்தது. அது அச்சான நிரல்தான், ஒலிபரப்பானதற்குச் சாட்சி இல்லை. கடைசி நேரத்தில் தலைவர் உரையோ வேறு ஏதாவதோ வந்து நிகழ்ச்சி தள்ளிப்போயிருக்கலாம். அதனால் கடிதத்தில் "இந்தத் தேதியில் ஒலிபரப்பானது" என்று எழுதாமல், "இந்தத் தேதிக்கு நிரலில் இருந்தது" என்றே எழுதச் சொன்னேன். தேடுபவர் அந்தத் தேதியில் இல்லாவிட்டால் அடுத்த வாரத்தையும் ஒருமுறை பார்ப்பார்.

இரண்டாவது கடிதத்தின் முக்கியப் பகுதி இது. நாளும் முகவரியும் நீக்கியிருக்கிறேன்.

"பெறுநர்: நிலையத் தலைவர் அவர்கள்.
பொருள்: 1978 மார்ச் மாதத்துக் கிராமிய நிகழ்ச்சி ஒன்றின் ஒலிப்பதிவு – ஆய்வுக்காகப் பிரதியும் பயன்பாட்டு அனுமதியும் கோருதல்.

ஐயா / அம்மா,

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கரைவலைத் தொழிலில் பாடப்படும் அம்பாப் பாடல்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். பல்கலைக்கழகப் பதிவுச் சான்றும் நெறியாளர் கடிதமும் இணைத்துள்ளேன்.

தங்கள் நிலையத்தினர் 1978-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தங்கச்சிமடம் அருகே கடற்கரையில் இப்பாடல்களைப் பதிவு செய்துள்ளனர். 'வானொலி' இதழின் மார்ச் இரண்டாம் பாதி நிகழ்ச்சி நிரலில், மாலை கிராமிய நிகழ்ச்சியில், பதினைந்து நிமிடத் தொகுப்பாக இது இடம்பெற்றுள்ளது. அப்பக்கத்தின் நகல் இணைப்பில் உள்ளது. நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. பதிவேட்டில் கிராமிய இசை, மீனவர், கடற்கரை, தொகுப்பு ஆகிய தலைப்புகளில் இருக்கலாம் எனக் கருதுகிறேன்.

என் கோரிக்கைகளைத் தனித்தனியே வைக்கிறேன். ஒன்றுக்கு இயலாது என்றாலும் மற்றவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

முதலாவது, இப்பதிவு தங்களிடம் உள்ளதா என்பதையும், இருப்பின் நாடா எண்ணையும் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது, ஆய்வுக்காக நான் மட்டும் கேட்பதற்கு ஒரு பிரதி வேண்டும். பிரதி தர இயலாவிடில் நிலையத்துக்கே வந்து கேட்டுக் குறிப்பெடுக்க அனுமதிக்க வேண்டும். மூன்றாவது, பாடல் வரிகளையும் அறிவிப்பாளர் உரையின் சில வாக்கியங்களையும் எழுத்தில் ஆய்வேட்டில் மேற்கோளாகத் தர அனுமதி வேண்டும். ஆய்வேடு 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வரும் என்பதை முன்னரே தெரிவிக்கிறேன். ஒலியை அதில் சேர்க்க மாட்டேன். நான்காவது, நிகழ்ச்சிக்காகக் கடற்கரையில் எடுத்த தொகுக்கப்படாத மூல நாடாக்கள் இருப்பின், அவற்றைக் குறித்தும் இதே தகவல் வேண்டும்.

பிரதி எடுக்க ஆகும் கட்டணத்தைச் செலுத்துகிறேன்."

இதில் முக்கியமானது கோரிக்கைகளைப் பிரித்து வைத்ததுதான். முதல் கடிதத்தில் "பிரதியும் அனுமதியும்" என்று ஒரே மூச்சில் கேட்டிருந்தார். அப்படிக் கேட்டால் எதற்கு அனுமதி என்று புரியாத அதிகாரி எல்லாவற்றையும் மேலிடத்துக்கு அனுப்புவார், அங்கே கோப்பு தூங்கும். இருக்கிறதா என்ற கேள்விக்கு நாடா அறையில் இருப்பவரே பதில் எழுதலாம். கேட்க அனுமதிப்பது நிலையத் தலைவரின் அளவில் முடியலாம். வெளியிடும் உரிமை என்று வந்தால்தான் தலைமையகம் வரை போக வேண்டியிருக்கும்.

சட்டமும் இதே பிரிவினையைத்தான் காட்டுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆய்வு உட்பட தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதை வைத்துக்கொண்டு "எனக்குச் சட்டப்படி பிரதி தர வேண்டும்" என்று எழுத முடியாது. கையில் இருக்கும் பதிவை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. நாடா நிலையத்தின் அலமாரியில் இருக்கிற பொருள், திறந்து கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். பதிப்புரிமை வேறு, நாடாவின் உடைமை வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சட்டப் பிரிவைக் காட்டி மிரட்டுகிற தொனியில் எழுதுபவர்களுக்கு, நிலையமும் சட்டத்தைக் காட்டியே மறுத்துவிடுகிறது.

வெளியிடும் உரிமைக்கு வருடக் கணக்கு பார்க்க வேண்டும். ஒலிபரப்பு நிறுவனத்தின் ஒலிபரப்பு மறுஆக்க உரிமை 25 ஆண்டு. ஒலிபரப்பான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். 1978 என்றால் 2003 கடைசியோடு அது முடிந்தது. இதைப் பார்த்துவிட்டு "எல்லாம் காலாவதி" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒலிப்பதிவு என்ற படைப்புக்குத் தனியாக 60 ஆண்டு உண்டு, அதன்படி 2038 முடியும்வரை அது காப்பில் இருக்கிறது. அறிவிப்பாளர் படித்த உரையை எழுதியவர் வெளியாளாக இருந்தால் அதற்கு வேறு கணக்கு. பாட்டின் வரிகள் ஊருக்குப் பொதுவானவை. யாரும் உரிமை கோர முடியாத பகுதி அது ஒன்றுதான், ஆய்வுக்கு அதிகம் தேவைப்பட்டதும் அதுவே. ஒலியைச் சேர்க்க மாட்டேன் என்ற ஒரு வரிதான் மூன்றாவது கோரிக்கைக்குச் சம்மதம் வாங்கித் தந்தது என்று நினைக்கிறேன். ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றியாக வேண்டும் என்பதை மறைத்து அனுமதி வாங்கியிருந்தால், ஏற்றுகிற நாளில் அந்த அனுமதி செல்லாது.

பதில் ஆறு வாரத்தில் வந்தது. நாடா இருக்கிறது, எண் இது, கேட்பதற்கு ஒரு பிரதி தருகிறோம், ஆய்வேட்டில் எழுத்து மேற்கோள் தரலாம், நிலையத்தின் பெயரையும் நாடா எண்ணையும் குறிப்பிட வேண்டும், பிரதியை மற்றவருக்குத் தரக் கூடாது. மூல நாடா பற்றிப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிவிப்பதாகச் சொன்னார்கள். பதில் வராமல் இருந்திருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் "பதிவேட்டில் இந்த நாடா உள்ளதா, அழிக்கப்பட்டிருந்தால் எப்போது" என்று கேட்கலாம் என வைத்திருந்தோம். இருக்கிறதா இல்லையா என்று அறிய அது உதவும், ஆனால் முதலிலேயே அதைத் தூக்கினால் நாடா அறைக்காரர் நமக்கு எதிராளி ஆகிவிடுவார். தேட வேண்டியவர் அவர்தான்.

பிரதி எப்படி வேண்டும் என்று நிலையம் கேட்டபோது இன்னொரு சிறு கடிதம் போனது. இசையின் வேகத்தை அளக்கிற ஆய்வு என்பதால் இது முக்கியம். எம்பி3 வேண்டாம், சுருக்காத WAV கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேண்டும். இரைச்சல் நீக்கம் செய்ய வேண்டாம், ஏனென்றால் அலைச் சத்தத்தோடு சேர்ந்து கயிறு இழுப்பவர்களின் முனகலும் போய்விடும். நாடாப் பெட்டியின் மேலே எழுதியிருப்பதைப் புகைப்படம் எடுத்துத் தர வேண்டும்.

கோப்பு வந்ததும் முதலில் சரிபார்த்தது வேகத்தை. நாடாவைக் கோப்பாக மாற்றும் கருவி கொஞ்சம் வேகமாக ஓடினாலும் காதுக்குத் தெரியாது, ஆனால் நிமிடத்துக்கு எத்தனை தாள அடி விழுகிறது என்ற கணக்கு கெட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அறிவிப்பாளர் பேசும் பகுதி நிலையத்தின் அரங்கில் பதிவானது. அதன் அடியில் மின்சாரத்தின் மெல்லிய ரீங்காரம் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ரீங்காரமும் அதே இடத்தில், அல்லது அதன் மடங்கான 100-இல் நிற்க வேண்டும். அதிர்வெண் படத்தை எடுத்துப் பார்த்தோம். 100-இல் நிற்க வேண்டியது 102-இல் நின்றது. நாடா இரண்டு விழுக்காடு வேகமாக ஓடியிருக்கிறது, அதைக் கோப்பில் திருத்தியாயிற்று. இந்தத் திருத்தம் அரங்கில் பதிவான பகுதிக்குத்தான் நேராகப் பொருந்தும். கடற்கரையில் பதிந்த பகுதி மின்கலத்தில் ஓடும் கருவியில் எடுத்தது. அதில் ரீங்காரம் இருக்காது. அந்தக் கருவி அன்றைக்கு எந்த வேகத்தில் ஓடியது என்பதற்கு ஆதாரம் இல்லாததால், பாட்டின் வேகத்தை ஆய்வேட்டில் முழு எண்ணாகத்தான் கொடுத்திருக்கிறார், தசமம் வைக்கவில்லை.

நிகழ்ச்சியைக் கேட்டதில் ஒரு ஏமாற்றமும் இருந்தது. அம்பா இரண்டு அடி பாடியதும் தணிந்துவிடுகிறது, மேலே அறிவிப்பாளரின் விளக்கம் வருகிறது. "மொதல்ல மெதுவா இழுப்போம், வலையோட மடி தண்ணியில தெரிஞ்சதும் பாட்டு விறுவிறுன்னு ஆயிரும்" என்று பெரியவர் சொல்கிற மாற்றம் எங்கே நடக்கிறது என்பது நிகழ்ச்சியில் இல்லை. நான்கு இடங்களில் பாட்டு கேட்கிறது, அவை ஒரே இழுப்பிலிருந்து எடுத்தவையா, வெவ்வேறு நாளா என்பதும் தெரியவில்லை. மூல நாடா தேவைப்பட்டது இதற்காகத்தான்.

ஊரில் வேறு ஒரு கேள்வி எழுந்தது. பெரியவர் தன் தகப்பன் குரல் அதில் இருக்கிறதா என்று கேட்டார், இருந்தால் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்றார். பிரதியை மற்றவருக்குத் தரக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. அதை மீறிப் போனில் அனுப்பிவிட்டால் அடுத்த நாளே எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கும், அடுத்து வருகிற ஆய்வாளருக்கு அந்த நிலையத்தின் கதவு சாத்தியிருக்கும். அதனால் ஒரு தனிக் கடிதம் எழுதினார்: பதிவு நடந்த ஊரில், கோயில் மண்டபத்தில், கட்டணமின்றி ஒரே ஒருமுறை ஒலிக்கச் செய்யவும், பாடியவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் கேட்கத் தரவும் அனுமதி வேண்டும் என்று. அதற்குச் சம்மதம் வந்தது. பாம்பனில் உள்ள கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியில் ஒலிபரப்பலாமே என்று ஊரில் சிலர் ஆசைப்பட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது ஆய்வாளர் பெற்ற அனுமதிக்குள் வராது, ஒலிபரப்பும் நிலையமே நாடா வைத்திருக்கும் நிலையத்திடம் நேரடியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

குடும்பங்கள் கேட்டபோது ஆய்வுக்கும் ஒன்று கிடைத்தது. முன்பாட்டுப் பாடுகிறவர் யார் என்று ஒலிபரப்பில் சொல்லவில்லை. மூன்று வீடுகளில் தனித்தனியாகக் கேட்க வைத்தபோது மூவரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டிருந்தால், முதலில் சொல்பவர் பெயரையே மற்றவர்களும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெயரை நிலையத்துக்கும் எழுதி அனுப்பினார், இப்போது பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே அது சேர்ந்திருக்கிறது.

மூல நாடா பற்றிய பதில் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. மூன்று நாடாக்கள் எடுத்திருக்கிறார்கள், அதே வருடம் மூன்றும் அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்குப் போயிருக்கின்றன. பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் நகலையும் அனுப்பியிருந்தார்கள். ஆய்வேட்டில் அந்த நகல் பின்னிணைப்பாக இருக்கிறது, ஒரு இழுப்பின் முழு நீளமும் வேகம் ஏறும் இடமும் 1978-இல் எப்படி இருந்தன என்பதை இந்தப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயத்துக்கு இன்றைக்குக் கரைவலை இழுப்பவர்களிடம் அவரே புதிதாகப் பதிவு செய்து வருகிறார். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், பாடுகிறவர் பெயர், யாருக்கெல்லாம் கேட்கத் தரலாம் என்ற சம்மதம் ஆகியவற்றைப் பாடுகிறவர் குரலிலேயே சொல்ல வைத்துப் பதிகிறார்.